63இல் 30 நிமிடம், 72இல் 15 செக்கன்: நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட பாதி

சென்ற தவணை பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் எம்மிடம் வந்தார். "சேர், பக்கட் பால் கொதிக்க வெக்காத பால்தானே? கொதிச்சாத்தானே கிருமி சாகும்? புள்ளைக்கு அத அப்படியே குடுக்க ஏலுமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் உடனே, "அதுக்குள்ள மருந்து போடுறாங்க ராத்தா, அதான் கெட்டுப்போறல்ல. நாட்டுமாட்டுப் பால கறந்த சூட்டோட குடிக்கிறதுதான் நல்லம்" என்றார்.

இருவரும் எங்கள் பாடசாலையில் படித்தவர்கள்தான். இருவரும் விஞ்ஞானப் பாடத்தில் "பாச்சராக்கம்: 63 பாகையில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 செக்கன்" என்று எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான். அந்த இரண்டு இலக்கங்களும் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிட்டன. குற்றம் அவர்களுடையதல்ல. அந்த இலக்கங்கள் ஏன் ஜோடியாக வருகின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே எழுத நினைக்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தத் தாயின் கேள்வி. கொதிக்காமல் கிருமி எப்படிச் சாகும்?

கொதித்தல் என்பது தண்ணீரின் குணம். கிருமியின் மரணத்துக்கும் 100 என்ற இலக்கத்துக்கும் எந்த உறவும் இல்லை. பற்றீரியாவின் உடலுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை மிகச் சிறிய, பலவீனமான பிணைப்புகள். சூடு ஏறும்போது அவை ஒவ்வொன்றாக அல்ல, கூட்டமாக விட்டுப்போகின்றன. முட்டை வெள்ளைக்கரு 60 பாகையைத் தாண்டியதும் வெளுக்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே விபத்துத்தான் பற்றீரியாவுக்குள்ளும் நடக்கிறது. நொதியங்கள் செயலிழக்கும், மென்சவ்வு ஒழுகும், புதிய புரதம் செய்யும் இயந்திரம் குலையும். அதன் பிறகு அது பெருகாது.

அப்படியானால் பாலும் முட்டையைப் போல் அவிந்து கட்டியாக வேண்டுமே? இங்கேதான் பாலின் விசேஷம் இருக்கிறது. பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீனுக்கு மற்றப் புரதங்களைப் போல இறுக்கமான மடிப்பு இல்லை. மடித்து வைத்த சட்டையைக் கசக்கிக் கெடுக்கலாம். ஏற்கனவே தளர்வாகக் கிடக்கும் நூலை என்ன செய்வது? அதனால்தான் பால் கொதித்தாலும் திரளாமல் நிற்கிறது. மீதி ஒரு பங்கு வே புரதம். பால் திரிந்தால் மேலே தெளிந்து நிற்கும் நீரில் இருப்பது அதுதான். வே புரதத்துக்கு மடிப்பு உண்டு. 72 பாகையில் 15 செக்கன் வைத்தால் அதில் சிறு பங்குதான் குலையும். சூடு 75, 80 என்று ஏறி நேரமும் நீளும்போதுதான் அது பெருமளவில் விரியும். அப்போது அதற்குள் மறைந்திருந்த கந்தகக் கூறுகள் வெளியே வரும். காய்ச்சிய பாலின் அந்தத் தனி வாசனைக்குக் காரணம் அதுதான். பக்கட் பாலில் அந்த வாசனை இல்லாதது பால் சமைக்கப்படவில்லை என்பதற்கு அடையாளம். கிருமி சாகவில்லை என்பதற்கு அல்ல.

இனி இலக்கங்களுக்கு வருவோம். கரும்பலகையில் நாம் எழுதத் தவறிய பகுதி இதுதான்.

கிருமிகள் சூட்டில் ஒரே நேரத்தில் எல்லாம் சாவதில்லை, விகிதப்படி சாகின்றன. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை, பத்தில் ஒன்பது பங்கு சாகும். கணக்குக்காக, ஒரு கிருமிக்கு 72 பாகையில் அந்த நேரம் 3 செக்கன் என்று வைப்போம். ஒரு இலட்சம் கிருமி இருந்தால் 3 செக்கனில் பத்தாயிரம் மிஞ்சும். 6 செக்கனில் ஆயிரம், 9இல் நூறு, 12இல் பத்து, 15இல் ஒன்று. 15 செக்கன் என்பதன் பொருள் இதுதான்: ஐந்து தடவை பத்தால் வகுத்தல். சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு, கொக்சியெல்லா பர்னெட்டி என்ற கிருமியை இலட்சத்தில் ஒன்றாகக் குறைப்பதையே பாச்சராக்கத்தின் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. கியூ காய்ச்சலை உண்டாக்கும் இந்தக் கிருமி, பாலில் வரும் வித்தி உண்டாக்காத நோய்க்கிருமிகளில் சூட்டை அதிகம் தாங்குவது. இது சாகும் சூட்டில் காசநோய்க் கிருமி, புரூசெல்லா, சல்மொனெல்லா எல்லாம் அதற்கு முன்பே போய்விடும்.

இதற்கு ஒரு சிறு வரலாறும் உண்டு. பாஸ்டர் 1860களில் சூடாக்கியது வைனைத்தான். குழந்தைகளுக்கான பாலுக்கு இந்த முறையை 1886இல் பரிந்துரைத்தவர் சொக்ஸ்லெற் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர். பின்னர் அமெரிக்காவில் காசநோய்க் கிருமியை இலக்காக வைத்து 61.7 பாகையில் 30 நிமிடம் என்ற விதி நடைமுறையில் இருந்தது. அந்தச் சூட்டில் கொக்சியெல்லா தப்பிவிடக்கூடும் என்று தெரியவந்ததும், 1956இல் விதி 62.8 பாகைக்கு உயர்த்தப்பட்டது. நாம் 63 என்று எழுதுவது இதைத்தான். வெறும் ஒரு பாகைக்காக ஒரு நாட்டின் விதியையே மாற்ற வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். அந்த ஒரு பாகையின் பெறுமதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

30 நிமிடம் என்றால் 1800 செக்கன். அதை 15ஆல் வகுத்தால் 120. அதாவது 63இலிருந்து 72க்கு, வெறும் 9 பாகை ஏறியதும், கிருமி சாகும் வேகம் 120 மடங்காகிவிட்டது. இதையே வேறு விதமாகச் சொன்னால், ஏறத்தாழ 4.3 பாகைக்கு ஒருமுறை வேகம் பத்து மடங்காகிறது. ஒரு பாகை ஏறினால் ஒன்றே முக்கால் மடங்கு வேகம் கூடுகிறது. ஒரு பாகை குறைந்தால் அதே அளவுக்கு வேகம் விழுகிறது.

இப்போது பாலின் பக்கம் பாருங்கள். பால் நிறம் மாறுவது, சீனி கருகிய சுவை வருவது, விற்றமின் குறைவது போன்ற சாதாரண இரசாயன மாற்றங்கள் 10 பாகைக்கு இரண்டு, மூன்று மடங்குதான் வேகம் கூடும். இரண்டு மடங்கு என்றே வைப்போம். 63இலிருந்து 72க்குப் போகும்போது கிருமிச் சாவு 120 மடங்கு வேகம், சமையல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். நேரத்தையோ 120இல் ஒன்றாகக் குறைத்துவிட்டோம். கிருமி அதே அளவு செத்தது. பால் சமைந்தது அறுபதில் ஒரு பங்கு!

கொதிக்காமல் கிருமியைக் கொல்வதன் இரகசியம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கிருமி சூட்டுக்கு மிகவும் உணர்வுள்ளது, பால் அவ்வளவு இல்லை. ஆகவே சூட்டைக் கூட்டி நேரத்தைச் சுருக்கினால் இலாபம் பாலுக்குத்தான். அதே கணக்கில் வீட்டு அடுப்பில் 100 பாகையில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால், 72இல் 15 செக்கன் வைத்ததை விட நூறு மடங்குக்கு மேல் சமையல் நடக்கிறது. அதனால் பால் நஞ்சாகிவிடாது. கல்சியம் எங்கும் போகாது. கறந்த பால் வாங்குபவர் கொதிக்க வைப்பது மிகச் சரி, கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் ஏற்கனவே பாச்சராக்கம் செய்து, குளிர் விடாமல் வந்த பாலை மறுபடி பத்து நிமிடம் கொதிக்க வைப்பது பாதுகாப்புக்காக அல்ல, பழக்கத்துக்காக.

இந்தக் கணக்கு நிஜத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை எமக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர். வீட்டோடு சேர்த்து ஒரு சிறு தொழில் நடத்துகிறார். இருபது லீற்றர் பாலைப் பெரிய பாத்திரத்தில், வெளியே சுடுநீர் வைத்துச் சூடாக்கி, 63 பாகையில் 30 நிமிடம் வைத்து, சீனி சேர்த்த வாசனைப் பாலாகப் போத்தலில் அடைத்து விற்கிறார். "சேர், புத்தகத்துல இருக்கிறபடியேதான் செய்றன். ஆனா குளிர்சாதனப் பெட்டியில வெச்சாலும் ரெண்டாம் நாள் புளிக்குது" என்று வந்து நின்றார்.

தரம் 11 பிள்ளைகள் நால்வரோடு ஒரு காலையில் போனோம். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து மூன்று வெப்பமானிகள் எடுத்துப் போனோம். அவரிடம் ஒன்று இருந்தது. அதைப் பாத்திரத்தின் அடியில் தொடும்படி தொங்கவிட்டிருந்தார். அது 64 காட்டியது. நடுப்பாலில் எங்களுடையது 63 காட்டியது. மேலே, நுரைக்குச் சற்றுக் கீழே, 58. மூடி திறந்து கிடந்தது, மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

ஐந்து பாகைதானே என்றார் அவர். பிள்ளைகளில் ஒருத்தி அங்கேயே கொப்பியில் கணக்குப் போட்டாள். 4.3 பாகைக்குப் பத்து மடங்கு என்றால், 5 பாகைக்கு ஏறத்தாழ பதினாலரை மடங்கு. 30 நிமிடத்தை அதனால் வகுத்தால் இரண்டு நிமிடம். மேற்பரப்பில் கிடந்த பாலுக்கு அவர் அரை மணித்தியாலம் காத்திருந்தது 63 பாகையில் இரண்டு நிமிடம் வைத்ததற்குச் சமம்! 30 நிமிடத்தில் ஐந்து தடவை பத்தால் வகுபட வேண்டிய கிருமி, அங்கே ஒரு தடவை கூட முழுதாக வகுபடவில்லை. அடியில் எவ்வளவு நன்றாகச் செத்திருந்தாலும், கடைசியில் எல்லாம் கலந்து போத்தலுக்குத்தானே போகிறது?

பெரிய பாற்சாலைகளில் பாத்திர முறையில் செய்யும்போது பாலுக்கு மேலுள்ள காற்றையும் தனியே சூடாக்குவது இதனால்தான். அமெரிக்க விதிப்படி அந்தக் காற்று பாலின் குறைந்தபட்சச் சூட்டை விட ஏறத்தாழ 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். நுரையில் மிதக்கும் கிருமிக்கும் மூடியில் தெறித்த துளிக்கும் அதே சூடு போய்ச் சேர வேண்டும் அல்லவா?

இரண்டாவது பிழை சீனி. சீனியும் கொழுப்பும் கிருமிக்குப் போர்வை போன்றவை. சூடு தாக்குவதைக் குறைத்துவிடும். அதனால் அதே அமெரிக்க விதியில், இனிப்புச் சேர்த்த பாலுக்கும் பாலாடைக்கும் வெப்பநிலையை 3 பாகை உயர்த்தச் சொல்லியிருக்கிறது. 63 என்பது 66 ஆகும், 72 என்பது 75 ஆகும். எங்கள் பாடப்புத்தக இலக்கம் வெறும் பாலுக்குரியது. இந்தத் தம்பி சீனியைக் கரைத்துவிட்டு வெறும் பாலின் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பிழைக்கும் சூட்டுக்கும் தொடர்பே இல்லை. சூடாக்கிய பாலை அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டு, பச்சைப் பால் அளந்த அதே கோப்பையால் போத்தலில் ஊற்றினார். பாச்சராக்கம் பாலில் எந்த மருந்தையும் விட்டுச் செல்வதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கணமே பாதுகாப்பும் நின்றுவிடும். பிறகு விழும் கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. பெரிய ஆலைகளிலும் இது நடக்கும். 1985இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பாச்சராக்கம் செய்த பாலைக் குடித்து 16,000க்கு மேற்பட்டோருக்கு சல்மொனெல்லா தொற்று உறுதியானது. சூடாக்கிய பால் போகும் குழாயில் பச்சைப் பால் கலந்திருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் சந்தேகமாக இருந்தது.

நாம் சொன்ன மாற்றங்கள் செலவில்லாதவை. பாத்திரத்தை மூட வேண்டும். விடாமல் கிளற வேண்டும். வெப்பமானியை மேற்பரப்புக்கு அருகே பிடித்து, அங்கே 66 வந்த பிறகே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்க வேண்டும். இடையில் ஒரு தடவை கீழே இறங்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் வைத்து வேகமாகக் குளிரச் செய்ய வேண்டும். போத்தலும் கோப்பையும் தனியாக, கொதிநீரில் கழுவியதாக இருக்க வேண்டும். இப்போது அவருடைய பால் ஐந்து நாள் புளிக்காமல் நிற்கிறது.

ஆனால் அவரிடம் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னோம். புளிக்காமல் நிற்பது மட்டும் அத்தாட்சி அல்ல. புளிக்க வைப்பவை வேறு, நோய் தருபவை வேறு. புரூசெல்லா இருக்கும் பால் புளிக்காது, மணக்காது, நிறமும் மாறாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடங்களில் ஒரு நல்ல உபாயம் உண்டு. பச்சைப் பாலில் இயற்கையாகவே பொஸ்பட்டேஸ் என்ற ஒரு நொதியம் இருக்கிறது. அது அழிவதற்குத் தேவையான சூடும் நேரமும், நோய்க்கிருமிகள் சாகத் தேவையானதை விடச் சற்று அதிகம். 1930களில் இங்கிலாந்தில் இதைக் கவனித்துப் பரிசோதனையாக்கினார்கள். பாலோடு ஒரு மருந்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். நொதியம் உயிரோடு இருந்தால் நிறம் தோன்றும். தோன்றினால் சூடு போதவில்லை, அல்லது பச்சைப் பால் கலந்திருக்கிறது. கிருமியைத் தேடாமல், கிருமிக்குப் பிறகு சாகும் ஒன்றைத் தேடுகிறார்கள். பால் விற்பவர் எவரும் இதை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும்.

பாச்சராக்கத்தால் ஆகாதவையும் உண்டு. சில பற்றீரியாக்கள் வித்தி என்ற கவசத்துக்குள் போய்விடும். 72 அல்ல, கொதிநீர் கூட அவற்றை முழுதாக அழிக்காது. பக்கட் பாலைக் குளிரில் வைக்கச் சொல்வது இந்த வித்திகள் முளைக்காமலிருக்கவும், தப்பிய சிலவும் பெருகாமலிருக்கவும்தான். அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் பெட்டிப் பால் 135 பாகைக்கு மேல் சில செக்கன் சூடாக்கி, கிருமியற்ற பெட்டியில் அடைத்தது. அதிலும் மருந்து இல்லை. அதே பழைய கணக்கு, இன்னும் உயர்ந்த சூடு, இன்னும் குறைந்த நேரம். இன்னொன்று, சூடாக்குமுன் பால் வெயிலில் கிடந்து சில பற்றீரியாக்கள் நச்சுப் பொருளை உண்டாக்கிவிட்டால், பிறகு பற்றீரியா செத்தாலும் நச்சு சாகாது. ஸ்டபிலோகொக்கஸின் நச்சு கொதித்தாலும் நிற்கும். கெட்ட பாலைச் சூடு நல்ல பாலாக்காது. ஐந்து தடவை பத்தால் வகுத்தால் இலட்சம் ஒன்றாகும்; தொடக்கத்திலேயே பத்து இலட்சம் இருந்தால் பத்து மிஞ்சும். கறக்கும் கையும் வாளியும் கணக்கின் முதல் வரியில் நிற்கின்றன.

யோகட் செய்பவர்கள் ஏன் 63இல் நிற்காமல் 85 பாகையில் அரை மணித்தியாலம் வைக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டாள். அங்கே பால் சமைவதுதான் தேவை. வே புரதம் விரிந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டால்தான் யோகட் நீர் விடாமல் இறுகி நிற்கும். ஒரே பாலுக்கு இரண்டு நோக்கம், இரண்டு சூடு.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். இந்த இரண்டு ஜோடிகளையும் மனனம் செய்யும் விடையாகக் கொடுப்பதை நிறுத்துவோம். 1800ஐ 15ஆல் வகுக்கச் சொல்வோம். ஐந்து பாகை குறைந்தால் அரை மணித்தியாலம் என்னவாகும் என்று கேட்போம். ஒரு பாத்திரம் பாலும் இரண்டு வெப்பமானியும் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும். மேலும் கீழும் பிடித்துப் பார்க்கச் சொல்வோம். கிழக்கிலும் வடமத்தியிலும் எங்கள் பிள்ளைகளில் பலர் மாடு வளர்க்கும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். இன்று கொப்பியில் எழுதும் இலக்கத்தை நாளை ஒரு பாத்திரத்தின் முன் நின்று பயன்படுத்தப்போகிறவர்கள் அவர்கள்.

அந்தத் தாய்க்கு நாம் அன்று சொன்ன பதில்: "பக்கட் பால் குளிராக இருந்ததா, திகதி சரியா, பக்கட் ஊதியிருக்கிறதா என்று பாருங்கள் ராத்தா. சரியாக இருந்தால் அப்படியே கொடுங்கள். கறந்த பால் வாங்கினால் பொங்கி வரும்வரை கிளறிக் காய்ச்சாமல் ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம்." மற்றவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகள் இப்போது தரம் 10. அடுத்த மாதம் வெப்பமானியோடு அவருடைய வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.